டேப் பேசும் முன் ஸ்கேன் பேசும்: குறைமாதக் குழந்தையின் தலையில் நீர் கோக்கும்போது

தலையில் நீர் கோத்திருக்கிறது என்று கேட்டதும் நம் கண்முன் வருவது பெரிய தலை. பெற்றோர் முதலில் கேட்பதும் அதைத்தான்: "தலை பெரிசாகவே இல்லையே, அப்புறம் எப்படி நீர் கோத்திருக்கும்?" நியாயமான கேள்வி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பல நேரம் உள்ளே இருக்கும் அறைகள் முதலில் விரியும், மண்டையோடு பிறகுதான் பெரிதாகும். இடையில் சில நாட்கள் போகலாம், ஓரிரு வாரங்கள்கூடப் போகலாம். ஸ்கேனை எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுப்பது என்ற திட்டம் முழுவதும் இந்த இடைவெளியை வைத்தே போடப்படுகிறது.

மூளைக்குள் வென்ட்ரிக்கிள் எனப்படும் நான்கு அறைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரியவை, நடுவில் மூன்றாவது, பின்னால் கீழே நான்காவது. மூளை நீர் பெரும்பாலும் இந்த அறைகளுக்குள் உள்ள கோராய்டு பின்னலில் ஊறுகிறது. பக்க அறைகளிலிருந்து மூன்றாவதற்கு வந்து, ஒரு குறுகிய குழாய் வழியாக நான்காவதற்குப் போய், அங்கிருந்து மூளைக்கு வெளியே பரவி, கடைசியில் ரத்தத்தோடு கலக்கிறது. நீர் ஊறுவது நிற்பதே இல்லை. வழியில் எங்காவது அடைத்தால் பின்னால் உள்ள அறைகள் வீங்கும். இதுதான் ஹைட்ரோகெஃபாலஸ்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பிறவியிலேயே அந்தக் குறுகிய குழாய் அடைத்திருக்கலாம், முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு சேர்ந்து வரலாம், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: குறைமாதக் குழந்தைக்கு அறைக்குள் ரத்தம் கசிந்து, அதன் பின் நீர் தேங்குவது. தொடர் ஸ்கேன் என்ற ஏற்பாடு எதற்கு என்பது இதில்தான் தெளிவாகப் புரியும். ரத்தக்கசிவு பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிடும். நீர் தேங்குவது அதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும். ரத்தக் கட்டிகளும் சிதைந்த அணுக்களும் குறுகிய வழிகளை அடைத்துவிடும், நீர் உறிஞ்சப்படும் இடங்களும் அழற்சியால் மந்தமாகிவிடும். எந்த வாரத்தில் எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவது இந்த நோயில் ஒரு வசதி.

குழந்தையின் உச்சிக்குழிதான் நமக்கு ஜன்னல். எலும்பு மூடாத அந்த மெத்தென்ற இடத்தில் கொஞ்சம் ஜெல் தடவி, சின்ன புரோபை வைத்தால் மூளை விசிறி வடிவத்தில் திரையில் விரியும். கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்து வேண்டாம், குழந்தையை இன்குபேட்டரை விட்டு எடுக்கக்கூட வேண்டாம். இதே ஸ்கேனை வாரம் இரண்டு முறை எடுக்க முடிவது இதனால்தான்.

காதுக்குக் காது வெட்டியதுபோல் ஒரு குறுக்குத்தளம் பார்ப்போம். பக்க அறைகள் மூன்றாவது அறையோடு சேரும் துளை தெரிகிற மட்டம் அது. நல்ல நிலையில் அங்கே இரண்டு பக்கமும் மெல்லிய கரும்பிளவு தெரியும், காற்புள்ளியைச் சாய்த்து வைத்ததுபோல. சில குழந்தைகளுக்கு அது கிட்டத்தட்ட கோடாகவே ஒட்டியிருக்கும். நீர் தேங்கத் தொடங்கினால் முதலில் மாறுவது அதன் மூலை. கூராக இருந்த வெளிமூலை மழுங்கி உருண்டையாகும், பிளவு பலூன் மாதிரி உப்பும். அளவுகோலை வைப்பதற்கு முன்பே பழகிய கண் இதைப் பிடித்துவிடும். ஆனால் "கொஞ்சம் உப்பியிருக்கிற மாதிரி இருக்கு" என்று அறிக்கை எழுதினால் அடுத்த வாரம் பார்ப்பவருக்கு அது எதற்கும் உதவாது. அவருக்கு வேண்டியது எண்.

அறிக்கையில் மூன்று எண்கள் வரும். முதலாவது VI, அதாவது வென்ட்ரிக்குலர் இண்டெக்ஸ். இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள கோட்டிலிருந்து பக்க அறையின் வெளிச்சுவர் வரைக்கும் உள்ள தூரம். 1981இல் லெவீன் என்ற மருத்துவர் இதற்கு வயதுவாரியாக வரைபடம் வெளியிட்டார், இன்றும் பல இடங்களில் அதுவே பயன்பாட்டில் இருக்கிறது. மூளை வளர வளர இந்தத் தூரமும் இயல்பாகவே கூடும் என்பதால், எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும். இரண்டாவது AHW, முன்கொம்பின் அகலம். பக்க அறையின் முன்பகுதி எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைச் சாய்வாக அளப்பது. இது கரு வயதோடு பெரிதாக மாறுவதில்லை, வழக்கமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மூன்றாவது TOD, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியிலிருந்து பக்க அறையின் பின்பகுதியான பின்கொம்பின் கடைசி வரை உள்ள தூரம். இதைப் பக்கவாட்டுத் தளத்தில் அளப்பார்கள். சுமார் 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டும். பின்கொம்பு பல நேரம் முன்கொம்பை முந்திக்கொண்டு விரியும், அதனால்தான் முன்னால் மட்டும் அளந்துவிட்டு எழுந்துபோகக் கூடாது.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னால் நான் AHW-ஐ எடுத்துக்கொள்வேன். VI நடுக்கோட்டிலிருந்து சுவர் எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. AHW உள்ளே நீர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று நேராகச் சொல்கிறது. அறை பக்கவாட்டில் விரியாமல் உருண்டு திரளும்போது VI அதிகம் அசையாது, AHW இரண்டு மடங்காகிவிடும்.

இனி டேப். தலைச் சுற்றளவு என்பது புருவங்களுக்குச் சற்று மேலே தொடங்கி, பிடரியில் அதிகமாகத் துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றி வருகிற மிகப் பெரிய சுற்று. நீளாத டேப்பால் மூன்று முறை அளந்து, பெரியதை எழுத வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் பிரசவத்தில் நசுங்கிய வடிவமும் தோல் வீக்கமும் எண்ணைக் குழப்பும். உடலில் உள்ள நீர் குறைவதால் முதல் வாரத்தில் சுற்றளவு சற்றுக் குறைந்தாலும் குறையும். மூச்சுக்கருவிக்கான தொப்பியைக் கழற்றாமல் அளந்து எழுதிய எண்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் தொப்பி இல்லாமல் அளந்தால் தலை ஒரே இரவில் சுருங்கியிருக்கும்!

குறைமாதக் குழந்தையின் தலை வாரத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அது வழக்கமான வேகம். வாரத்துக்கு 2 சென்டிமீட்டரை எட்டினால் அது அபாய மணி. ஆனால் இந்த மணி அடிப்பதற்குள் நாட்கள் கடந்துவிட்டிருக்கும். காரணம் எளிது. குறைமாதக் குழந்தையின் மூளை நீர்ச்சத்து மிகுந்தது, மிகவும் மென்மையானது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் காலி இடமும் தாராளமாக இருக்கும். அறைகள் விரியும்போது முதலில் நசுங்குவது மூளைத்திசு, அடுத்து நிரம்புவது அந்தக் காலி இடம். அதற்கும் பிறகுதான் அழுத்தம் எலும்பு மூட்டுகளை விலக்கி டேப்பில் தெரிய வருகிறது. உச்சிக்குழி புடைப்பது, மூட்டுகள் விரிவது, கண்கள் கீழ்நோக்கியே நிற்பது, மூச்சு நின்று நின்று வருவது எல்லாமே தாமதமாக வருபவை.

ஒரு குழந்தையை மனதில் வைத்துக்கொள்வோம். 27 வாரத்தில் பிறந்தது, எடை ஒரு கிலோ, தலைச் சுற்றளவு 25 சென்டிமீட்டர். மூன்றாம் நாள் ஸ்கேனில் இரண்டு பக்க அறைகளிலும் ரத்தம், வலப்பக்கம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அன்றே திட்டம் மாறிவிடும். ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் ஒரு ஸ்கேன், 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, நிறைமாத வயதை எட்டும்போது ஒன்று என்று போயிருக்கும். இவ்வளவு ரத்தம் கசிந்த குழந்தைக்கு வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் வாரம் இரண்டு முறை பார்ப்பதே நல்லது.

ஏழாம் நாள் வலப்பக்க AHW 3 மில்லிமீட்டர், சுற்றளவு 24.7. சரி, அமைதி. பத்தாம் நாள் AHW 4. இது உண்மையான மாற்றமா, அளந்தவர் மாறியதால் வந்ததா என்று ஒரு மில்லிமீட்டரை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் பதற்றப்படாமல் ஸ்கேன் அட்டவணையை மட்டும் தளர்த்தாமல் வைத்துக்கொள்கிறோம். பதினான்காம் நாள் AHW 6.5, VI 12.2, TOD 25. அந்த வயதுக்கு VI வரைபடத்தில் 97ஆவது சென்டைல் கோடு, அதாவது நூறு குழந்தைகளில் 97 பேருக்கு இதைவிடக் குறைவாக இருக்கும் அளவு, ஏறக்குறைய 11இல் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டது. டேப் சொல்வது 25.2. வாரத்தில் அரை சென்டிமீட்டர், வழக்கமான வளர்ச்சி! தொட்டுப் பார்த்தால் உச்சிக்குழி மெத்தென்றே இருக்கிறது. குழந்தை பாலை ஏற்றுக்கொள்கிறது. டேப்பை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் ஒரு வாரத்துக்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீரை எப்போது எடுக்கத் தொடங்குவது என்பதில்தான் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பழைய வழக்கம், VI அந்த 97ஆவது கோட்டைத் தாண்டி இன்னும் 4 மில்லிமீட்டர் கூடும்வரை காத்திருப்பது. நம் குழந்தைக்கு அது ஏறக்குறைய 15. எல்விஸ் என்ற ஒப்பீட்டு ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு குழுவில் VI 97ஆவது கோட்டைத் தாண்டி, AHW 6-ஐயோ TOD 25-ஐயோ கடந்ததுமே நீரை எடுக்கத் தொடங்கினார்கள். இன்னொரு குழுவில் VI கோட்டுக்கு மேல் 4 மில்லிமீட்டரும் AHW 10-ம் ஆகும்வரை காத்திருந்தார்கள். நீரை வயிற்றுக்குள் வடிக்கும் நிரந்தரக் குழாய் தேவைப்படுவதிலோ உயிரிழப்பிலோ தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆனால் இரண்டு வயது வளர்ச்சியை மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே தொடங்கிய குழு பக்கம் தராசு சாய்ந்தது. அதன் பிறகு பல மையங்கள் சீக்கிரம் தலையிடும் பக்கம் நகர்ந்திருக்கின்றன, எல்லோரும் இல்லை. உங்கள் மருத்துவமனை எந்த எல்லையைப் பின்பற்றுகிறது என்று கேட்பது நல்ல கேள்வி. அதைப் பொறுத்துத்தான் அடுத்த ஸ்கேன் எப்போது, அதில் என்ன வந்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் முடிவாகும்.

கதைக்கு வருவோம். பதினேழாம் நாள் AHW 8, TOD 27. பத்து நாளில் 3-லிருந்து 8, நான்கு ஸ்கேன்களும் ஒரே திசையில் போகின்றன. இதை இனி அளவுப்பிழை என்று தள்ள முடியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள், கிலோவுக்கு 10 மில்லி என்ற கணக்கில் இந்தக் குழந்தைக்குச் சுமார் 10 மில்லி. எடுத்த மறுநாள் ஸ்கேனில் AHW 6. இரண்டு நாளில் திரும்பவும் 8. இன்னொரு முறை எடுத்தும் அதே கதை. இப்படித் திரும்பத் திரும்ப நிரம்பினால், தலைத்தோலுக்கு அடியில் சிறு நீர்ப்பையைப் பொருத்தி, பக்க அறையிலிருந்து ஒரு குழாயை அதோடு இணைப்பார்கள். ரிசர்வாயர் என்று சொல்வது இதைத்தான். அதன் பின் தினமும் தோல் வழியாக மெல்லிய ஊசியால் நீர் எடுக்கலாம். எவ்வளவு எடுப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை முடிவு செய்வது வாரம் இரண்டு முறை எடுக்கும் அதே ஸ்கேன். AHW 6-க்குக் கீழே இறங்கி நின்றால் இடைவெளியைக் கூட்டலாம், ஏறினால் குறைக்க வேண்டும்.

வேகத்தைப் பார்ப்பது என்றால் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும். நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எடுத்த ஸ்கேனில் ஒரு குழந்தையின் இடது AHW மூன்று நாளில் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது, அறுவை மருத்துவருக்குச் செய்தியும் போய்விட்டது. காலையில் படங்களைத் திரும்பப் பார்த்தால், நான் அளந்த தளம் சாய்ந்திருந்தது. ஒரு பக்கக் கண்குழிக்கூரை தெரிகிறது, மறுபக்கம் தெரியவில்லை. சாய்ந்த வெட்டில் ஒரு பக்க அறை செயற்கையாக அகலமாகும். திரும்ப எடுத்ததில் மாற்றம் அரை மில்லிமீட்டர்தான். அன்றிலிருந்து அளவைக் குறிப்பதற்கு முன் படத்தின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, அதே மட்டத்தில்தான் அளக்கிறேனா என்றும் பார்ப்பேன். அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இந்தத் தவறு சிக்காது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இடது, வலது அறைகள் பிறவியிலேயே சற்று வேறுபட்டிருப்பது இயல்புதான். இந்த வார இடதைப் போன வார இடதோடுதான் ஒப்பிட வேண்டும்.

டாப்ளரும் உதவும். மூளையின் முன் ரத்தக்குழாயில் ஓட்டத்தைப் பார்த்து, இதயம் தளரும் நேரத்தில் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். ஓட்டம் தேய்ந்துகொண்டே போனால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். ஆனால் இதயக்கோளாறோ குறைந்த ரத்த அழுத்தமோ இருந்தாலும் இதே மாற்றம் வரும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டோம்.

டேப்பும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் இரண்டும் சேர்ந்து எதற்கு என்பது புரியும். அறைகள் மெதுவாக விரிகின்றன, தலை வளராமல் நிற்கிறது அல்லது பின்தங்குகிறது என்றால், நீரின் அழுத்தம் காரணமில்லாமல் இருக்கலாம். மூளையின் வெண்பகுதி சேதமாகிச் சுருங்கி, அந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கலாம். அப்போது அறையின் ஓரம் உருண்டையாக இல்லாமல் ஒழுங்கற்று இருக்கும். இங்கே நீரை வெளியே எடுத்துப் பயனில்லை. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நான்கைந்து மாதத்தில் தலைச் சுற்றளவு வளர்ச்சி வரைபடத்தின் கோடுகளைத் தாண்டி ஏறுகிறது, ஆனால் அறைகள் இயல்பு, அல்லது ஒரு நூல் கூடுதல். நெற்றிப்பக்கம் மூளைக்கு வெளியேதான் நீர் அதிகம், டாப்ளரில் அந்த நீருக்குள் சிறு ரத்தக்குழாய்கள் குறுக்கே ஓடுவது தெரிகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தலை பெரிது. பெரும்பாலும் இது தானே சரியாகும் வகை, குழந்தை நன்றாக வளர்கிறவரை டேப்பால் தொடர்ந்தாலே போதும். ஆனால் வெளிநீருக்குள் ரத்தக்குழாய்கள் ஓடாமல், மூளைப் பரப்போடு அமுங்கிக் கிடந்தால் அது மூளையுறைக்கு அடியில் சேர்ந்த வேறு திரவமாக இருக்கக்கூடும். அப்போது காத்திருக்கக் கூடாது.

கோடு போடும்போது வயதைத் திருத்தாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 27 வாரத்தில் பிறந்து 13 வாரம் ஆன குழந்தை, தலைக்கணக்குக்கு அப்போதுதான் பிறந்த நிறைமாதக் குழந்தை. மூன்று மாதக் குழந்தையின் கோட்டில் அதை வைத்தால் தலை சிறியதாகவே தெரியும், நிஜத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தாலும்.

நம் குழந்தைக்குக் கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து 34 வாரம் ஆகும்போது AHW 5-லேயே நிற்கிறது. ரிசர்வாயரிலிருந்து நீர் எடுப்பதைத் தினமும் என்பதிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆக்கி, பிறகு நிறுத்திப் பார்க்கிறார்கள். நிறுத்திய பின்தான் ஸ்கேன் மிக முக்கியம், ஏனென்றால் வடிகால் தானாகத் திறந்ததா என்று அப்போதுதான் தெரியும். முதல் வாரம் இரண்டு ஸ்கேன், பிறகு வாரம் ஒன்று. மூன்று வாரமாக எண் அசையவில்லை, டேப்பும் வாரத்துக்கு 0.8 என்று போகிறது. அசைந்திருந்தால் எடை கூடி, நீரில் புரதமும் ரத்தமும் குறைந்த பிறகு, வயிற்றுக்குள் வடிக்கும் ஷண்ட் வைக்க வேண்டியிருக்கும். புரதம் அதிகமான நீர் அந்தக் குழாயை அடைத்துவிடும்.

நிறைமாத வயதில் ஒரு ஸ்கேன், வாய்ப்பிருந்தால் ஒரு எம்.ஆர்.ஐ. வீட்டுக்குப் போன பிறகு முதல் இரண்டு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை டேப், மாதம் ஒரு ஸ்கேன். பிறகு டேப்பின் கோடு ஒழுங்காகப் போகிறவரை ஸ்கேன் இடைவெளி நீளும். கோடு மேலே வளைந்தாலோ, காரணமில்லாத வாந்தி, அதிகத் தூக்கம், புடைத்த உச்சிக்குழி என்று எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். உச்சிக்குழி வழியாகப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பின்மூளைப் பகுதியும் நான்காவது அறையும் அதில் தூரமாக மங்கித் தெரியும், காதுக்குப் பின்னால் உள்ள சிறிய இடைவெளியில் புரோபை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் உச்சிக்குழி மூடிவிடும், ஜன்னல் அதற்குப் பல மாதம் முன்பே சுருங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கேள்வி எழுந்தால் விடை எம்.ஆர்.ஐ.-யில்தான், அதனால் ஜன்னல் திறந்திருக்கும்போதே கடைசியாக ஒரு நல்ல அளவைப் படங்களோடு கோப்பில் வைத்துவிடுகிறோம்.